பிராண்டு பாஸ்

காலடிப்பேட்டை மெட்ரோவில் இறங்கி எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு பிராண்டு பாஸ் எதிரில் வருவார். ராயபுரம் கல்மண்டபத்தில் ஒருவர், எண்ணூர் கத்திவாக்கத்தில் ஒருவர் என்று ஆங்காங்கே கிளைகளும் உண்டு. அடையாளம் எளிது. "நம்ம கடை" என்று சொல்லமாட்டார், "நம்ம பிராண்டு" என்பார். கடை இன்னும் திறந்திருக்காது. விசிட்டிங் கார்டு மட்டும் தயார். தடவிப் பார்த்தால் எழுத்து மேடாகத் தட்டுப்படும். பெயருக்குக் கீழே 'ஃபவுண்டர் அண்ட் சிஇஓ' என்று இருக்கும். மொத்த ஊழியர்கள் இருவர்: அம்மா, அத்தை.

சரக்கைக் குறை சொல்ல முடியாது. விடிகாலையில் காசிமேட்டில் இறால் வாங்கி, அம்மா கைப்பட வதக்கி எடுக்கும் தொக்கு அது. அக்கம்பக்கத்தில் நான்கு வீடுகள் மாதாமாதம் சொல்லி வாங்குகின்றன. நியாயமாகப் பார்த்தால் பிராண்டு என்பது அந்த நான்கு வீடுகளில் ஏற்கெனவே பிறந்துவிட்டது. பாஸ் அதை ஒப்புக்கொள்ளமாட்டார். அவர் கணக்கில் பிராண்டு என்றால் லோகோ. லோகோ இல்லாமல் விற்பது வியாபாரம். லோகோவோடு விற்காமல் இருப்பது பிராண்டு.

கையில் ஒரு லட்ச ரூபாய் முதல் என்று வைத்துக்கொள்வோம். லோகோவுக்கு இருபத்தைந்தாயிரம். வரைந்து வந்ததில் இறால் கிரீடம் வைத்துக்கொண்டிருக்கிறது. ராயபுரத்து இறாலாயிற்றே, அதனால் பெயர் 'ராயல் தொக்கு'. அடுத்து எண் கணித ஜோசியர். கூட்டுத்தொகை சரியில்லை, ஆங்கிலத்தில் இரண்டு 'ஏ' கூடுதலாகப் போட்டால் சுக்கிரன் கைகொடுப்பார் என்கிறார் அவர். அதற்கு ஐயாயிரம். இனி அந்தப் பெயரைக் காதால் கேட்டு கூகுளில் தேடுகிற எவனுக்கும் பாஸின் கடை எளிதில் அகப்படப் போவதில்லை. சுக்கிரன் மட்டும் கண்டுபிடித்து வரவேண்டும்.

லோகோ பற்றிப் பேச்செடுத்தால் பாஸ் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுவார். "பாத்தியா மாமே, ராயல் என்ஃபீல்டு! நம்ம ஊர் பிராண்டு. அந்தப் பேருக்கே வண்டி ஓடுது!"

கை நீட்டிய திசை சரிதான். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருக்கும் அந்த ஆலையின் கதை 1955இல் தொடங்குகிறது. சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து என்ஃபீல்டு நிறுவனமும் சேர்ந்து, ராணுவத்துக்காக இங்கே புல்லட் தயாரிக்க ஆரம்பித்தன. பெயருக்கும் வயது அதிகம். என்ஃபீல்டில் இருந்த அரசுத் துப்பாக்கி ஆலைக்கு உதிரிபாகம் செய்துகொடுத்த தொடர்பில், 1890களிலேயே வைத்த பெயர் அது. லோகோவில் பீரங்கி வந்ததும் அந்த வழியில்தான். திருவொற்றியூர் ஆலையில் பெட்ரோல் டாங்கின் மேல் ஓடும் தங்கநிறக் கோட்டை அச்சு எதுவும் வைக்காமல், தூரிகை பிடித்துக் கையாலேயே இழுப்பார்கள். பெயர், பீரங்கி, தங்கக்கோடு, நூறாண்டுக் கதை. பாஸ் காசு கொடுத்து வாங்க நினைக்கும் அத்தனையும் அந்தக் கம்பெனியிடம் முன்பே இருந்தது.

அப்படியிருந்தும் 2000ஆம் ஆண்டில் அது மூடுவிழாவுக்குப் பக்கத்தில் நின்றது. மாதம் விற்றது சுமார் இரண்டாயிரம் வண்டிகள். காரணம் புல்லட் வைத்திருந்த எந்த மாமாவைக் கேட்டாலும் தெரியும்: எண்ணெய். என்ஜினிலிருந்து எண்ணெய் கசியும். வண்டி நின்ற இடத்தில் வட்டமாக ஒரு கறை இருக்கும். காலையில் உதைத்து உதைத்துக் கால் வீங்கும். எல்லா வண்டிக்கும் கியர் இடதுபக்கம் என்றால் இதற்கு வலதுபக்கம். பெயரைக் காதலித்தவர்கள் நாட்டில் ஏராளம். அவர்களில் பாதிப்பேர் காதலித்ததோடு நிறுத்திக்கொண்டு, ஆபீசுக்குப் போக வேறு வண்டி வாங்கினார்கள்.

அந்த ஆண்டு பொறுப்பேற்ற சித்தார்த்த லாலுக்கு வயது இருபத்தாறு. அவர் முதலில் கைவைத்தது பீரங்கியில் இல்லை. ஜெய்ப்பூரில் இருந்த இன்னொரு ஆலையை மூடினார். கசிவையும் மின்கோளாறையும் துரத்தினார்கள். கியர் இடதுபக்கம் வந்தது. பழைய வார்ப்பிரும்பு என்ஜினை விட்டு, அலுமினியத்தில் புது என்ஜின் செய்தார்கள். பழைய ரசிகர்கள் "புல்லட்டைக் கெடுத்துட்டானுங்க" என்று ஒப்பாரி வைத்தார்கள். 2009இல் அந்தப் புது என்ஜினோடு கிளாசிக் வந்தபின், வண்டிக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் நிலை வந்தது. தோற்றம் பழையது, பெயர் பழையது. கசிவு மட்டும் புதிய வண்டியில் இல்லை.

இதைச் சொன்னால் பாஸ் பொறுமையாகக் கேட்பார். கேட்டுவிட்டு, "அப்ப நம்ம லோகோலயும் ஒரு பீரங்கி வெக்கலாமா?" என்பார்.

அவருடைய அடுத்த செலவு பெரியது: பவுச். சூப்பர் மார்க்கெட்டில் சிப்ஸ் பாக்கெட் மின்னுவதுபோல் தன் தொக்கும் மின்னவேண்டும். அச்சகத்தில் விசாரிக்கிறார். அந்த மாதிரிப் பிளாஸ்டிக் உறைகளை அச்சடிக்க, டிசைனைச் செதுக்கிய உலோக உருளை வேண்டும். ஒரு நிறத்துக்கு ஓர் உருளை. கிரீடத்துக்குத் தங்கநிறம், இறாலுக்கு இரண்டு சிவப்பு, எழுத்துக்கு வெள்ளை, பின்னணிக்குக் கருப்பு என்று பாஸ் அடுக்கும்போதே அச்சகக்காரர் மனதுக்குள் உருளைகளை எண்ணிக்கொண்டிருப்பார். "மினிமம் இருக்கு பாஸ், கிலோ கணக்குலதான் ஓட்டுவோம்." கிலோ என்றால் பெரிதாகத் தெரியாது. பவுச்சாக வெட்டினால் ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். வாடிக்கையாளர்கள் நான்கு வீட்டுக்காரர்கள் என்பதை இந்த இடத்தில் நினைவில் கொள்ளவும்.

ஐம்பதாயிரம் போயிற்று. பவுச்சுகள் வந்து கட்டிலுக்கடியில் குடியேறின. அத்தைதான் முதலில் படித்துப் பார்த்தார். "ஏன்டா, இதுல எடை எங்க போட்டிருக்கு?" போடவில்லை. பொட்டலமிட்டு விற்கும் உணவுக்கு நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்த நாள், எதுவரை சாப்பிடலாம், சேர்மானங்கள், தயாரிப்பவர் முகவரி, எஃப்எஸ்எஸ்ஏஐ எண் எல்லாம் இருக்கவேண்டும். கிரீடம் வைப்பதற்கு இடம் போதாமல் டிசைனர் அவற்றை விட்டுவிட்டார். திருத்த வேண்டுமானால் அந்தந்த நிறத்து உருளையை மறுபடி செதுக்க வேண்டும். அடித்து வந்தவை அடித்து வந்தவைதான். வாடகை வீடு மாறினாலும், எடையை மாற்றினாலும் இதே கதை.

இதைவிடக் கேலியான விஷயம் இன்னொன்று. தொக்கில் எண்ணெய் மிதக்கும். கரண்டியால் ஊற்றும்போது பவுச்சின் வாயில் எண்ணெய் பட்டுவிட்டால், சூடாக்கி ஒட்டும் இடம் சரியாக ஒட்டாது. பார்வைக்கு ஒட்டியதுபோல் இருக்கும். வாங்கினவர் பையில் போட்டு பஸ் ஏறி, தண்டையார்பேட்டை போவதற்குள் கசிய ஆரம்பிக்கும். ஒட்டிய பவுச்சைக் காகிதத்தின் மேல் கவிழ்த்து, அதன்மேல் கனமான பொருளை வைத்து ஒரு ராத்திரி விட்டால், காலையில் கறை உண்மையைச் சொல்லிவிடும். அம்மா பாட்டிலில் கொடுத்தவரை நான்கு வீட்டிலும் இந்தப் புகார் இல்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இரண்டாவது முறையாக, அருமையான லோகோவுக்குக் கீழே எண்ணெய் ஒழுகியது.

பாட்டிலிலேயே விற்பதற்கு அந்த ஐம்பதாயிரத்தில் சிறு பங்கு போதும். பாரிமுனைத் தெருக்களில் வாய் அகன்ற பாட்டில் மூடியோடு மொத்தவிலைக்குக் கிடைக்கும். லேபிளை ஸ்டிக்கராக, நூறு இருநூறு என்று டிஜிட்டலில் அடித்துத் தருவார்கள். அதற்கு உருளை வேண்டியதில்லை. தவறு வந்தால் நூறு ஸ்டிக்கர்தான் வீண். எந்த அளவு பாட்டில் ஓடுகிறது, எந்த விலை நிற்கிறது என்று தெரிந்து, மாதாமாதம் ஆயிரக்கணக்கில் போகத் தொடங்கியபின் உருளை பற்றி யோசிக்கலாம். காசை எங்கே போடவேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. கடலூரில் 1983இல் பதினைந்தாயிரம் ரூபாயோடு சிக் ஷாம்பூ தொடங்கிய சி.கே. ரங்கநாதன், காலி பாக்கெட் ஐந்து கொண்டுவந்தால், அது எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும், ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார். பழகியபின் காலி சிக் பாக்கெட்டுக்கு மட்டும்தான் என்று மாற்றினார். காசு ஷாம்பூவை ஜனங்களின் தலை வரை கொண்டுபோவதற்குச் செலவானது. பெயரும் அப்பா சின்னி கிருஷ்ணனின் முதலெழுத்துகளிலிருந்து வந்ததுதான். ஜோசியருக்கு அங்கே வேலையில்லை.

இத்தனைக்குப் பிறகும் பாஸ் நிம்மதியாகத் தூங்குகிறார் என்றால், பெயர் பத்திரமாக இருக்கிறது என்ற நம்பிக்கைதான். "ஜிஎஸ்டி எடுத்தாச்சு, உத்யம் போட்டாச்சு. இனிமே எவனும் தொட முடியாது." ஜிஎஸ்டி வரி கட்டுவதற்கான எண். உத்யம் என்பது சிறுதொழில் என்பதற்கான பதிவு. அரசாங்கம் அதை இலவசமாகத்தான் தருகிறது, பாஸ் ஏஜெண்டுக்குக் காசு கொடுத்திருப்பார். இரண்டும் பெயருக்குக் காவல் இல்லை. பெயரைக் காப்பது டிரேட்மார்க். அதன் சென்னை அலுவலகம் கிண்டியில் இருக்கிறது, விண்ணப்பம் ஆன்லைனில். தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் ஒரு வகுப்புக்குக் கட்டணம் 4,500 ரூபாய். பதிவானால் 10 ஆண்டு செல்லும். சரக்குகளையும் சேவைகளையும் 45 வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். ஊறுகாய், மீன் தயாரிப்பு எல்லாம் 29இல் வரும், மசாலாப்பொடி 30இல். "நாளைக்கு ஓட்டல் வெச்சா, துணிக்கடை வெச்சா" என்று பாஸ் எல்லா வகுப்புக்கும் கேட்பார். விற்காத பொருளுக்குக் கட்டும் ஒவ்வொரு 4,500க்கும் எத்தனை கிலோ இறால் என்று அத்தை கணக்குச் சொல்வார்.

விண்ணப்பிக்கும் முன் செய்யவேண்டிய வேலைக்குக் காசே இல்லை. டிரேட்மார்க் அலுவலக இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். லோகோ வரைவதற்கு முன்பே செய்யவேண்டியது இது. எல்லாம் முடிந்தபின்தான் பாஸை அத்தை தெரிந்த ஆடிட்டரிடம் கூட்டிப்போகிறார். ஆடிட்டர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பவுச்சைப் பார்க்கிறார்.

"தம்பி, தொக்குன்றது பொருளோட பேரு. அதை யாரும் தனக்குன்னு எழுதி வாங்க முடியாது. ராயலும் பெருமைச் சொல்லு, சாப்பாட்டு சாமான்ல ஏகப்பட்ட பேர் வெச்சிருப்பாங்க. அதுசரி, வட்டத்துக்குள்ள 'ஆர்' போட்டிருக்கீங்களே, பதிவாயிடுச்சா?"

"இல்ல சார், ஒரு கெத்துக்காகப் போட்டது."

"பதிவாகாம அதைப் போட்டா சட்டப்படி தப்பு. பதிவாகாதவங்க 'டிஎம்' போட்டுக்கலாம், அவ்ளோதான்."

பாஸ் அசரவில்லை. "ஆனா சார், நாங்க ரெண்டு 'ஏ' எக்ஸ்ட்ரா போட்டிருக்கோம். ஸ்பெல்லிங் வேற."

"எழுத்தை மட்டும் பாக்கமாட்டாங்க, உச்சரிப்பையும் பாப்பாங்க. ஒலி ஒண்ணா இருந்தா எத்தனை 'ஏ' போட்டாலும் ஒண்ணுதான். அம்மா பேரு என்ன?"

சொன்னார். ஆடிட்டர் கம்ப்யூட்டரில் 29ஆம் வகுப்பில் அடித்துத் தேடினார். அந்தப் பெயரில் யாரும் இல்லை. பேசாமல் அதையே வைத்துக்கொள்ளச் சொன்னார். பாஸ் படியிறங்கி வந்ததும் முதல் வேலையாகப் போனை எடுத்தார். அத்தைக்கு நம்பிக்கை வந்தது, அச்சகத்துக்குத்தான் போல, ஸ்டிக்கர் விலை கேட்கிறான் என்று.

"ஜோசியர் சாரா? அம்மா பேருக்குக் கூட்டுத்தொகை எவ்ளோ வருது?"