உச்சத்தில் ஓட்டம், பூஜ்யத்தில் அழுத்தம்

கேள்வி: முதன்மைச் சுருளில் மின்னோட்டம் உச்சத்தைத் தொடும் கணத்தில் துணைச் சுருளில் மின்னழுத்தம் பூஜ்யமாமே! அள்ளிக் கொடுக்க வேண்டிய நேரத்திலா கையை விரிப்பது?

பதில்: விரிக்கத்தான் செய்யும். மின்னோட்டம் எவ்வளவு என்பது துணைச் சுருளுக்குப் பொருட்டல்ல. எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதுதான் பொருட்டு. 1831 ஆகஸ்ட் 29 அன்று ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு சுருள்களைச் சுற்றி, ஒன்றை மின்கலத்தோடு இணைத்துப் பார்த்தார். மற்றதன் பக்கம் இருந்த காந்த ஊசி இணைத்தபோதும் துண்டித்தபோதும் மட்டுமே துடித்தது. இடையில் மின்னோட்டம் சீராக ஓடியபோது அசையவில்லை. சைன் அலையும் இதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான். ஊஞ்சல் உச்சிக்குப் போனதும் ஒரு கணம் நிற்கிறது, நடுவைக் கடக்கும்போது விரைகிறது. மின்னோட்டமும் உச்சத்தில் மாறாமல் நின்று, பூஜ்யத்தைக் கடக்கும்போது மிக வேகமாக மாறுகிறது. ஆகவே துணைச் சுருளின் மின்னழுத்தம் அந்த மின்னோட்டத்திலிருந்து கால் சுழற்சி விலகி நிற்கும். அதன் உச்ச அளவு 2π × அதிர்வெண் × பரிமாற்று மின்தூண்டல் × மின்னோட்டத்தின் உச்சம். பரிமாற்று மின்தூண்டல் 10 மில்லிஹென்றி, மின்னோட்டத்தின் உச்சம் 2 ஆம்பியர், அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் என்றால், 314 × 0.01 × 2 = 6.28 வோல்ட்.

கேள்வி: அப்படியானால் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கினால் வோல்ட்டும் இரட்டிப்பாக வேண்டுமே? என் டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் ஏன் மசியவில்லை?

பதில்: மின்னோட்டத்தை 2 ஆம்பியரிலேயே பிடித்து வைத்தால் நிச்சயம் இரட்டிப்பாகும். நீங்கள் பிடித்து வைத்திருப்பதோ முதன்மைச் சுருளுக்குத் தரும் மின்னழுத்தத்தை. அந்தச் சுருளின் தன் மின்தூண்டல் 40 மில்லிஹென்றி, மின்தடை மிகக் குறைவு, துணைச் சுருளில் சுமை இல்லை என்று கொள்வோம். 50 ஹெர்ட்ஸில் 2 ஆம்பியர் ஓட 25 வோல்ட் உச்சம் வேண்டும். அதே 25 வோல்ட்டை 100 ஹெர்ட்ஸில் கொடுத்தால் சுருளின் எதிர்ப்பு இரட்டிப்பாகி, மின்னோட்டம் 1 ஆம்பியராகச் சுருங்கும். மாறும் வேகம் கூடியதை ஓட்டம் குறைந்தது ஈடுகட்டிவிடுவதால் துணைச் சுருளில் அதே 6.28 வோல்ட்தான். கொடுத்த மின்னழுத்தத்தில் நாற்பதில் பத்து, அதாவது நாலில் ஒரு பங்கு. முதன்மை மின்னழுத்தமும் அதே மின்னோட்டத்தைவிடக் கால் சுழற்சி முந்துவதால், இரண்டு மின்னழுத்தங்களும் ஒன்றாகவே ஏறி இறங்கும். சுற்றிய திசை மாறினால் நேர் எதிராக.

கேள்வி: மாற்றம்தானே முக்கியம்? பேட்டரியில் இணைத்தால் டிரான்ஸ்ஃபார்மர் சும்மா இருந்துவிடாதா?

பதில்: துணைச் சுருள் சும்மா இருக்கும், முதன்மைச் சுருள் இருக்காது. மின்னோட்டம் சீரானதும் மின்தூண்டலின் எதிர்ப்பு மறைந்துவிடும்; மிஞ்சுவது கம்பியின் மின்தடை மட்டும். அது அரை ஓம் என்றால் 25 வோல்ட் பேட்டரி 50 ஆம்பியரைத் தள்ளப் பார்க்கும், சுருள் கருகிவிடும். டிரான்ஸ்ஃபார்மரை நேர்மின்சாரத்தில் இணைத்துச் சோதிக்காதீர்கள்.