ஆறாயிரம் ரூபாய்க் கட்டில்

அறுபத்தாறு வயது ஓய்வூதியர் ஒருவருக்குப் பித்தப்பையில் கல். லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுத்து, நான்கு நாள் வைத்திருந்து அனுப்புகிறார்கள். பில் 2,00,000 ரூபாய். அவரிடம் இருப்பது மூன்று லட்ச ரூபாய் மெடிக்ளெய்ம் பாலிசி. மூன்றில் இரண்டு போனால் ஒன்று மிச்சம் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். ஆனால் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவர் அதற்குமேல் படித்தவர். "சார், உங்க பக்கம் 1,04,000 வருது. கார்டா, கேஷா?" என்கிறார்.

ஆள் என் கற்பனை. தொகைகளும் கணக்கு புரிவதற்காக முழு எண்ணாகப் போட்டவை. கணக்குப் போடும் முறை மட்டும் கற்பனையில்லை. அவ்வளவு கற்பனை வளம் எனக்குக் கிடையாது.

அட்மிஷன் அன்றே வேலை தொடங்கிவிடுகிறது. அவருடைய பாலிசியில் ஒரு நாள் அறை வாடகைக்கு வரம்பு, காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம். அதாவது 3,000 ரூபாய். கவுண்டரில் சொல்வார்கள்: "ஷேரிங் ரூம் எதுவும் காலியில்லை. 6,000 ரூபாய் ரூம்தான் இருக்கு. வித்தியாசத்தை நீங்க கட்டிக்கலாம்." வலியில் துடிக்கிற அப்பாவை வைத்துக்கொண்டு மகன் மனக்கணக்குப் போடுகிறான். நாளுக்கு 3,000 கூடுதல், நாலு நாளைக்கு 12,000. போகட்டும், அப்பாவுக்கு இல்லாததா? கையெழுத்துப் போடுகிறான்.

அந்தப் பன்னிரண்டாயிரம் வெறும் நுழைவுச் சீட்டு. விளையாட்டின் பெயர் விகிதாசாரக் கழிவு. உங்களுக்கு உரிமையுள்ள அறை 3,000, படுத்த அறை 6,000. எனவே பாதிக்குத்தான் உங்களுக்குத் தகுதி. அறையில் மட்டுமல்ல, சர்ஜன் கட்டணத்தில் பாதி, மயக்க மருந்து டாக்டருக்குப் பாதி, ஆபரேஷன் தியேட்டருக்குப் பாதி, நர்சிங்குக்குப் பாதி. கட்டில் கொஞ்சம் அகலமாக இருந்ததால் பித்தப்பையைப் பாதி வெட்டியதாகக் கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். மீதிப் பாதியை வெட்டியது யார் என்று கேட்டால் "பாலிசி வேர்டிங் பாருங்க சார்" என்று பதில் வரும்.

பில்லைப் பிரித்துப் பார்ப்போம். அறை 24,000. டாக்டர் விசிட், நர்சிங், சர்ஜன், மயக்க மருந்து நிபுணர், தியேட்டர் எல்லாம் சேர்ந்து 1,16,000. மருந்து 30,000, பரிசோதனைகள் 20,000. மிச்சம் 10,000, கையுறை முதல் ஃபைல் வரையிலான சில்லறை. இன்சூரன்ஸ்காரர் அறைக்கு 12,000 ஒத்துக்கொள்கிறார். டாக்டர், தியேட்டர் வகையில் 58,000. மருந்தும் பரிசோதனையும் முழுசாக 50,000. சில்லறைக்குச் சுழியம். ஆகமொத்தம் 1,20,000. இதில் 20 சதவீதம் கோ-பே 24,000 போக, அவர் தருவது 96,000.

இதே மனிதர் இதே சிகிச்சைக்கு 3,000 ரூபாய் அறையில் படுத்திருந்தால், மற்ற கட்டணங்கள் மாறாமல் இருந்தாலும், கைக்காசு 45,600-தான் போயிருக்கும். நாலு நாளைக்கு 12,000 கூடுதல் என்று நினைத்த அறை, அவரிடம் 58,400 ரூபாய் கூடுதலாகப் பிடுங்கியிருக்கிறது. அட்மிஷன் கவுண்டரில் இதை ஒரு வரியாக எழுதி ஒட்ட எவ்வளவு செலவாகும்? பார்க்கிங் கட்டணத்தை எழுதி ஒட்டியிருக்கிறார்களே!

மருந்துக்கும் பரிசோதனைக்கும் கழிவு இல்லை என்று சொன்னேன் அல்லவா, அங்கேதான் கண்ணை வைக்க வேண்டும். மருந்து, கன்ஸ்யூமபிள்ஸ், உடலுக்குள் பொருத்தும் கருவி, பரிசோதனை ஆகியவற்றில் விகிதாசாரக் கழிவு செய்யக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-லேயே சொல்லியாயிற்று. ஐ.சி.யூ. கட்டணத்திலும் கூடாது. அறைக்கு அறை சர்ஜன் கட்டணத்தை மாற்றாமல் எல்லோருக்கும் ஒரே கட்டணம் போடும் ஆஸ்பத்திரி என்றால் இந்தக் கழிவே செல்லாது. நமது பெரியவரின் மருந்தையும் பரிசோதனையையும் "தெரியாமல்" பாதியாக்கிவிட்டால் அவருக்கு வருவது 96,000 அல்ல, 76,000. இந்தத் தெரியாமை ஒருநாளாவது நோயாளிக்குச் சாதகமாக நடந்ததாக யாராவது சொன்னால் அவர் காலில் விழத் தயார்.

இனி அந்தப் பத்தாயிரம். கம்பெனி தரத் தேவையில்லை என்று ஒழுங்குமுறை ஆணையம் தொகுத்த முதல் பட்டியலில் 68 பொருள்கள். அழகு நிலையச் சேவை, மினரல் வாட்டர், டெலிபோன் என்று நியாயமாகத்தான் போகிறது. போகப் போகக் கையுறை வருகிறது, மாஸ்க் வருகிறது, ஈ.சி.ஜி. எலக்ட்ரோடு வருகிறது. அறுவை சிகிச்சைக்குக் காப்பீடு உண்டாம், சர்ஜன் கையை மூடுவதற்குக் கிடையாதாம். வெறுங்கையோடு வயிற்றைத் திறக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை நோயாளிக்கு இருக்கிறதா என்று பாலிசியில் எங்கும் காணோம். இந்தப் பொருள்களுக்கும் காப்பீடு வேண்டுமென்றால் தனி ரைடர் உண்டு, தனிப் பிரீமியமும் உண்டு. விற்றதில் ஓட்டை இருப்பது தெரிந்து, அடைப்பானையும் அவர்களே விற்கிறார்கள்.

இன்னும் மூன்று பட்டியல்கள் இருக்கின்றன. எனக்கு ஆத்திரம் அவற்றில்தான். ஃபைல் திறந்த கட்டணம், டிஸ்சார்ஜ் நடைமுறைக் கட்டணம், கையில் கட்டும் பெயர்ப்பட்டை, ஹவுஸ்கீப்பிங் எல்லாம் அறை வாடகைக்குள் அடக்கம் என்கிறது இரண்டாம் பட்டியல். பஞ்சும் பிளேடும் அறுவை சிகிச்சைக் கட்டணத்துக்குள் அடக்கம் என்கிறது மூன்றாவது. அட்மிஷன் கட்டணமும் யூரின் பேகும் சிகிச்சைச் செலவுக்குள் அடக்கம் என்கிறது நான்காவது. அடக்கம் என்றால் தனியாக வாங்கக்கூடாது என்றுதானே பொருள்? ஆஸ்பத்திரி தனியாகப் பில் போடும். கம்பெனி "அடக்கம்" என்று சொல்லித் தள்ளிவிடும். ஆணையத்தின் அதிகாரம் கம்பெனியோடு நின்றுவிடுகிறது. ஆஸ்பத்திரி அதன் கட்டுப்பாட்டில் இல்லை. ஆக, இரண்டு பேரும் விதிப்படி நடக்கிறார்கள், பணம் கட்டுவது மூன்றாமவர். "இவை அறை வாடகையில் அடக்கம் என்று பட்டியல் சொல்கிறது, பில்லிலிருந்து எடுங்கள்" என்று பில்லிங் மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தால் சில வரிகள் மறையக்கூடும். குரலை உயர்த்துவதைவிடத் தாளில் எழுதுவது அவர்களுக்குப் பிடிக்காது.

கோ-பேயை நான் திட்டமாட்டேன். அது ஒப்புக்கொண்டு வாங்கியது. பிரீமியம் குறைவு என்றோ, அந்த வயதில் வேறு பாலிசி கிடைக்கவில்லை என்றோ. ஆனால் அது ஏற்கப்பட்ட தொகையின்மீது கணக்கிட வேண்டியது, பில் தொகையின்மீது அல்ல. இங்கே 1,20,000-க்கு 24,000. இரண்டு லட்சத்துக்கு 40,000 என்று போட்டிருந்தால் அது கோ-பே இல்லை, கொள்ளை.

அதனால் டெஸ்க்கில் அட்டையை நீட்டுமுன் கம்பெனியின் ஒப்புதல் கடிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும். எந்த வரியில் எவ்வளவு, எந்தக் காரணத்துக்காகக் கழித்தார்கள் என்பது அதில் இருக்கும். கழிவு நடந்த வரிகளில் மருந்துக்கடை பில்லும் லேப் பில்லும் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். தவறு இருந்தால் கம்பெனிக்கு எழுத்தில் புகார். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் பொருந்தாவிட்டாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையிலும் அலுவலகம் உண்டு. 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை விசாரிக்கிறார்கள். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. அங்கே காத்திருக்க நாற்காலியும் போட்டிருப்பார்கள். அதற்கு வாடகை வரம்பு ஏதும் உண்டா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.