பயிற்சி பெற்றும் இறந்தார்

ஒரு நகராட்சியிலிருந்து என் மேசைக்கு ஒரு கோப்பு வந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். எந்த ஊரைப் போட்டாலும் பொருந்தும் என்பதால் ஓர் ஊரை மட்டும் பழிப்பது நியாயமில்லை. தலைப்பு: 'பயிற்சித் தேவை முன்மொழிவு'. பாதாளச் சாக்கடை அடைப்பெடுக்கும் 40 ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு இரண்டு நாள் பாதுகாப்புப் பயிற்சி. இம்மாதிரித் திட்டங்களைச் சரிபார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு.

கோப்பில் மூன்று கட்டங்கள். முதல் கட்டம், கண்டறியப்பட்ட செயல்திறன் இடைவெளி: 'பணியாளர்கள் முகக்கவசமின்றியும் விஷவாயுவைச் சோதிக்காமலும் குழிக்குள் இறங்குகின்றனர்.' இரண்டாவது, கற்றல் விளைவு: 'பயிற்சியின் முடிவில் பணியாளர் முகக்கவசத்தின் முக்கியத்துவத்தை உணர்வார்.' மூன்றாவது, செலவு: ரூ. 1,50,000.

செயல்திறன் இடைவெளி! மேன்ஹோலில் மூச்சு முட்டிச் சாவதற்கு இவ்வளவு நாகரிகமான ஒரு பெயரைக் கண்டுபிடித்தவருக்கே ஒரு பொன்னாடை போர்த்தலாம். அதற்கும் மதிப்பீட்டில் இடம் இருந்தது.

முதல் கட்டத்தைச் சோதிக்க நகராட்சியின் கருவி அறைக்குப் போனேன். வாயுமானி எங்கே என்று கேட்டேன். "ஒண்ணு இருந்துச்சு சார், பேட்டரி போய் ரெண்டு வருஷமாச்சு" என்றார் காப்பாளர். குழிக்குள் காற்றடிக்கும் ஊதி? ஒப்பந்ததாரரிடம் இருக்குமாம். ஒப்பந்ததாரருக்குப் போன் போட்டால், நகராட்சிதான் தரவேண்டும் என்கிறார். முக்காலியும் மேலே இழுக்கும் கயிறும்? காப்பாளர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். முகக்கவசம் மட்டும் ஏராளம். ஒரு மூலையில் மூட்டையாகக் கிடந்தது. கொரோனா காலத்து மிச்சம், துணியில் தைத்தது.

ஆக, இல்லாத கருவியைப் பயன்படுத்தாதது தொழிலாளியின் திறன் குறை. அதைச் சரிசெய்ய அவனுக்கு வகுப்பு.

எங்கள் தொழிலில் ஒரு பழைய கேள்வி உண்டு. ராபர்ட் மேகர், பீட்டர் பைப் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1970இல் எழுதிய நூலில் வருவது. ஒருவர் ஒரு வேலையைச் சரியாகச் செய்யவில்லையா? உயிர்போகும் என்ற நிலை வந்தால் அவரால் அதைச் செய்ய முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் அவருக்குத் திறன் இருக்கிறது, பயிற்சி வேண்டாம், வேறு எங்கோ கோளாறு. அலுவலக எழுத்தர்களையும் விற்பனையாளர்களையும் மனதில் வைத்துத்தான் அப்படிக் கேட்டிருப்பார்கள். நாம் அந்தக் கேள்வியை நிஜமாகவே நடத்திப் பார்க்கிறோம். உயிர் போகிறது. கோளாறு எங்கே என்று தேடுவதற்குப் பதில், செத்தவனின் தம்பியைப் பயிற்சிக்குப் பதிவு செய்கிறோம்.

பயிற்சிக்கு முந்தைய தேர்வு என்று ஒன்றையும் அவர்கள் மாதிரிக்கு நடத்தியிருந்தார்கள். அதில் ஒரு கேள்வி: விஷவாயு இருப்பதை எப்படி அறிவீர்கள்? சரியான விடை 'அழுகிய முட்டை நாற்றம்'. ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வேறு விடை சொன்னார்: "வாடை அடிக்கிற வரைக்கும் தாக்குப் பிடிக்கலாம் சார். அடிச்சிக்கிட்டிருந்த வாடை சட்டுன்னு நின்னுச்சுன்னா உடனே ஏறிடணும்." தவறு என்று சிவப்பு மையில் சுழித்திருந்தார்கள். அந்த மனிதர் சொன்னது அறிவியல். ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருக்கும்போதுதான் நாறும். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடும். எழுநூறு, ஆயிரம் என்று ஏறினால் ஓரிரு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவான். அது காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். சேற்றைக் கிளறினால் பொங்கி வரும். மேலே நின்று மோந்து பார்த்தவனுக்கு ஒன்றும் தெரியாது. துணிக் கவசம் இந்த வாயுவைத் தடுக்காது. பிராணவாயுவே குறைந்துபோன குழியில் வடிகட்டி வைத்த கவசம்கூட உதவாது, வெளியிலிருந்து குழாயில் காற்று வரவேண்டும். ஆசிரியருக்குத் தெரியாததைத் தெரிந்து வைத்திருந்த மாணவருக்குப் பூஜ்யம்.

செலவுக் கட்டத்துக்கு வருவோம். மண்டபம் இரண்டு நாளுக்கு 36,000. உணவு, தலைக்கு 350 வீதம் 60 பேருக்கு இரண்டு நாள், 42,000. தொழிலாளர் நாற்பது பேர்தானே, மீதி இருபது வாய் யாருடையவை? வருகைதரும் அதிகாரிகள். பை, நோட்டு, பேனா 24,000. பயிற்றுநர் மதிப்பூதியம் 20,000. பேனர், பொன்னாடை, நினைவுப் பரிசு, புகைப்படம் 28,000. எழுதாமல் விட்ட செலவு ஒன்று உண்டு. இவர்கள் தினக்கூலிகள். பயிற்சியில் உட்காரும் இரண்டு நாளுக்குக் கூலி கிடையாது. நாளுக்கு 600 என்றால் நாற்பது பேரிடமிருந்து 48,000 ரூபாய். பேனர், பொன்னாடை, நினைவுப் பரிசு, புகைப்படம், மதிப்பூதியம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆகும் தொகையை அந்த ஏழைகளே தங்கள் பையிலிருந்து கொடுக்கிறார்கள்.

பெயர்ப் பட்டியலையும் பார்த்தேன். நாற்பது பேரும் இரண்டே தெருக்காரர்கள். எந்தச் சாதி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஒற்றுமையைக் குறிக்கப் படிவத்தில் கட்டம் இல்லை.

பயிற்சியே வேண்டாம் என்று நான் எழுதவில்லை. ஆளை மாற்றி எழுதினேன். குழியைத் திறக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடும் இளநிலைப் பொறியாளரும் ஒப்பந்ததாரரின் மேஸ்திரியும், மொத்தம் எட்டுப் பேர். கற்றல் விளைவில் 'உணர்வார்' கிடையாது. உணர்ந்ததை யார் அளப்பது? கையில் வாயுமானி கொடுத்ததும் மேல், நடு, அடி என மூன்று ஆழத்தில் கயிற்றில் இறக்கி அளப்பார். பிராணவாயு 19.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தாலோ, ஹைட்ரஜன் சல்ஃபைடு பத்து லட்சத்தில் 10 பங்கைத் தாண்டினாலோ அனுமதிச் சீட்டை மறுத்து எழுதுவார், இயந்திரத்தை வரவழைப்பார். ஒருவர் உள்ளே மயங்கினால் இன்னொருவரை இறக்கமாட்டார், முக்காலியால் மேலே இழுப்பார். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து சாவதுதானே நம் வழக்கம். இடம் மண்டபமல்ல, ஒரு மேன்ஹோலின் ஓரம், அரை நாள். பயிற்றுநர், டீ, வடை எல்லாம் சேர்த்து 5,000. மிச்சம் 1,45,000. வாயுமானி ஒன்று 35,000 என்று விலைப்புள்ளி வாங்கியிருந்தேன். நான்கு வாங்கலாம், 5,000 மீதி. பலன் கிடைத்ததா என்று அறிய, மூன்று மாதம் கழித்து அடைப்பு எடுத்த உத்தரவுகளையும் அனுமதிச் சீட்டுகளையும் எண்ணிப் பார்த்தால் போதும். இரண்டும் சமமாக இல்லாவிட்டால் எங்கோ யாரோ அளக்காமல் இறங்கியிருக்கிறார்கள்.

கீழே ஒரு குறிப்பும் சேர்த்தேன். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்புச் சாதனம் தருவது வேலை வாங்குபவரின் கடமை. தராமல் இறக்கினால் முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடைச் சாவுக்கு இழப்பீடு 30 லட்சம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

கோப்பு இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. என் தாள்களை உருவி எடுத்துவிட்டிருந்தார்கள். பழைய திட்டத்துக்கே ஒப்புதல். தணிக்கைப் பிரிவின் ஒரே ஆட்சேபணை உணவுக்கு: தலைக்கு 350 அதிகம், 300 ஆகக் குறைக்கவும்.

கோபத்தை அடக்கிக்கொண்டு, எதற்கு ஐயா இந்தக் கூத்து என்று அங்கிருந்த மூத்த அலுவலரைக் கேட்டேன். நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. "நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, பயிற்சி கொடுத்தோம், மீறி இறங்கினான்னு காட்டணுமில்ல சார்?"

பயிற்சி சிறப்பாக நடந்தது. நாற்பது பேரின் கையெழுத்தும் வாங்கிய பதிவேடு இரும்பு பீரோவில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. கருவி அறைக்குப் பூட்டு இல்லை. மூட்டையிலிருந்து நாற்பது துணிக் கவசங்கள் குறைந்திருந்தன.