இருட்டில் மட்டும் ஏன் விழுகிறார்?

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. பகலில் லயத்து வாசலில் நன்றாகவே நடக்கிறார். ராத்திரி கக்கூசுக்குப் போகும்போதுதான் விழுந்துவிடுகிறார். டாக்டரைக் கேட்டால் காதுதான் காரணம் என்கிறார். காதுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?
- மகள், ஹாலிஎல

பதில்: உடம்பு எப்படிச் சாய்கிறது என்று மூளைக்குச் சாட்சி சொல்பவர்கள் மூன்று பேர்: கண், பாதம், உட்காது. தலை திரும்பும்போது உட்காதுக் குழாய்களில் உள்ள திரவம் அசையும். அந்த அசைவை நுண்ணிய மயிர் உயிரணுக்கள் மூளைக்குச் சொல்லும். வயதாக ஆக அவை குறையும், திரும்ப முளைக்காது. பகலில் அந்தக் குறையைக் கண் ஈடுகட்டும். இருட்டிலோ பாதம் மட்டுமே மிச்சம். அதுவும் பாசி பிடித்த சரிவுப் படியில். சீனி வியாதியால் பாதம் மரத்திருந்தால் அந்தச் சாட்சியும் இல்லை.

கேள்வி: தலைச்சுற்று மாத்திரையைத் தொடர்ந்து கொடுக்கலாமா?
- மருமகன், பசறை

பதில்: கடுமையாகச் சுழலும் ஓரிரு நாளுக்கு அது உதவும். மாதக்கணக்கில் போட்டால் மூளை புதிய நிலைமைக்குப் பழகுவது தாமதமாகும், தூக்கக் கலக்கமும் வரும். அதனால் அதுவே விழவைக்கலாம். எப்போது நிறுத்துவது என்று டாக்டரிடமே கேளுங்கள். படுக்கையில் புரளும்போது மட்டும் ஒரு நிமிடத்துக்குள் சுழன்று நின்றால், அது உட்காதில் துகள் இடம்மாறியதாக இருக்கலாம். தலையை முறைப்படி திருப்பியே டாக்டர் அதைச் சரிசெய்வார். எழுந்து நின்றதும் கண் இருண்டால் பிரஷரைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சி உண்டா?
- மகள், ஹாலிஎல

பதில்: உண்டு. 1940களில் இங்கிலாந்தில் கோத்தோர்ன், குக்ஸி என்ற இருவர் வகுத்த பயிற்சிகளின் வழியில் வந்தவை இவை. அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, கை நீட்டிய தூரத்தில் கட்டைவிரலைப் பார்க்கச் சொல்லுங்கள். கண் விரலிலேயே நிற்க, தலை மட்டும் இடமும் வலமும் திரும்ப வேண்டும். ஒரு தடவைக்கு 30 விநாடி, நாளுக்கு மூன்று தடவை. விரல் மங்கித் தெரிந்தால் வேகத்தைக் குறையுங்கள். லேசாகச் சுற்றினால் நல்லதே, மூளை பழகுவது அப்படித்தான். சற்று நேரத்தில் அடங்காவிட்டால் அளவு அதிகம். கழுத்து வலித்தால் நிறுத்துங்கள்.

அடுத்தது, காம்பரா மூலையில் சுவருக்கு முதுகு காட்டி, முன்னால் நாற்காலி வைத்து, பாதங்களைச் சேர்த்து 30 விநாடி நிற்பது. அது கைவந்தபிறகுதான் கண்ணை மூட வேண்டும். பக்கத்தில் நீங்கள் நில்லுங்கள். பலன் தெரிய ஆறேழு வாரம் ஆகும்.

கேள்வி: கையில் காசு கொஞ்சம்தான். வீட்டில் முதலில் எதை மாற்றுவது?
- பேரன், தெமோதரை

பதில்: வெளிச்சத்தை. கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை இருட்டு இல்லாமல் பல்பு போடுங்கள். டோர்ச் ஒரு கையைப் பறித்துவிடும், அதைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளட்டும். வாசலில் கால் துடைக்கப் போட்ட சாக்கை எடுத்துவிடுங்கள், கால் தடுக்குவது அதில்தான். படியோரம் கம்பி பதியுங்கள், பாசியைத் தேய்த்துக் கழுவுங்கள், தேய்ந்த ரப்பர் செருப்பை வீசுங்கள். மழை ராத்திரியில் அறைக்குள்ளேயே ஒரு வாளி வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

திடீரென்று வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு பக்கம் செயலிழந்தாலோ அது காதுப் பிரச்சினை அல்ல. உடனே 1990 சுவசெரியவை அழையுங்கள்.