பொருள்: கபடிப் போட்டிக்கு ஆதரவு வேண்டுதல் தொடர்பாக

விளையாட்டுக் குழுக்கள் கடைக்காரர்களுக்கு எழுதும் கடிதங்களில் கடைக்காரர் எப்போதும் வள்ளலாகவே இருப்பார். "கொடை உள்ளம் படைத்த ஐயா அவர்களுக்கு" என்று தொடங்கி, "தங்கள் பொற்கரங்களால்" என்று வளர்ந்து, "என்றும் நன்றி மறவா" என்று முடியும். இடையில் எங்காவது ஒரு தொகை ஒளிந்திருக்கும். வள்ளல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேராக அந்தத் தொகையைத்தான் தேடுவார்.

பிக்கட்டியில் எங்கள் தெருப் பையன்களின் கபடிக் குழுவுக்கு அப்படிப்பட்ட கடிதங்களை எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு. ஓய்வுபெற்ற தமிழாசிரியனுக்கு ஊரில் வேறு என்ன வேலை கொடுப்பார்கள்? மே மாதம் ஒருநாள் போட்டி, பதினாறு அணிகள், மளிகைக்கடை அண்ணாச்சியிடம் 15,000 ரூபாய். இவ்வளவுதான் விஷயம்.

மே மாதம் என்பதை யோசித்துத்தான் வைத்தோம். ஜனவரியில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகியிருக்கும். இலைப் பணம் குறைந்தால் ஊரே அண்ணாச்சி கடையில் கணக்கு எழுதச் சொல்லும். அந்த நேரத்தில் அவரிடம் போய் விளையாட்டு வளர்ச்சி பற்றிப் பேசினால் அவர் நம் வளர்ச்சியைப் பற்றிப் பேசுவார். ஜூன் பிறந்தால் குந்தா பக்கம் தென்மேற்குப் பருவமழை, ஆடுகளம் நாற்றங்காலாகிவிடும். மே மாதத்தில்தான் இலையும் வரும், திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்குப் போன ஆட்டக்காரர்களும் லீவு போட்டு வருவார்கள்.

குழுத் தலைவன் புரோ கபடி பார்த்து வளர்ந்தவன். "2017இல் விவோ கம்பெனி அஞ்சு வருஷத்துக்கு 300 கோடி கொடுத்ததாகச் செய்தி வந்தது சார். நாமும் அதே மாதிரி பயன்களை வரிசையாகப் போடணும்" என்றான். வருடத்துக்கு 60 கோடி. அந்தப் பணத்தில் எங்கள் போட்டியைப் போல 40,000 போட்டிகளுக்கு அண்ணாச்சியாக இருக்கலாம். சரி, வரிசையாகவே போட்டேன். சட்டையில் பெயர், ஆடுகளத்தில் பேனர், மைக்கில் அறிவிப்பு, மேடையில் மரியாதை, குடிநீர் பாட்டிலில் கடைப்பெயர், 300 பார்வையாளர்களிடம் விளம்பரம்.

கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அண்ணாச்சி சிவப்புப் பேனாவை எடுத்தார். முப்பத்தைந்து வருடம் விடைத்தாள் திருத்தியவன் முன்னால் ஒருவர் சிவப்புப் பேனா எடுப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசிப் பயனில்தான் முதல் கோடு விழுந்தது. "வாத்தியார் சார், முந்நூறு பேர் வருவாங்கன்னு எழுதியிருக்கிய. இதுல இருநூறு பேரு என் கடையில பாக்கி வச்சிருக்கவன். என் கடை எங்க இருக்குன்னு அவனுக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் சுத்திப் போறான்."

சின்ன ஊரில் விளம்பரம் என்ற சரக்குக்கு விலை கிடையாது. எல்லாருக்கும் எல்லாக் கடையும் தெரியும். அப்படியானால் கடைக்காரருக்குக் கொடுக்க எங்களிடம் வேறு என்ன இருக்கிறது? அதைக் கண்டுபிடிக்கத்தான் அன்று மத்தியானம் முழுவதும் போயிற்று.

பாட்டில் உடனே அடிபட்டது. நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. சுற்றுலா பஸ்ஸை நிறுத்தித் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கும் மாவட்டத்தில், அண்ணாச்சி பெயர் ஒட்டிய பாட்டிலை நாங்களே விநியோகித்தால் அது விளம்பரம் அல்ல, சாட்சியம். அதற்குப் பதில் எவர்சில்வர் டிரம், நாலு டம்ளர். டிரம்மில் பெயர் எழுதித் தருவதாகச் சொன்னேன். "டிரம்மு யாருது?" என்றார். அவருடையதுதான், கேட்கலாமென்று இருந்தோம்.

பேனரை நுழைவாயிலில் கட்டுவதாக எழுதியிருந்தேன். "நாலு மணிக்கு மூடுபனி இறங்கினா எதிர்ல நிக்கிற மாடே தெரியாது. பேனர் யாருக்குத் தெரியும்?" நியாயம்தான். கூட்டம் நாள் முழுக்க எதைப் பார்க்கிறது என்று யோசித்தோம். ரெய்டுக்கு 30 வினாடி, அது முடிந்ததும் அத்தனை தலையும் ஸ்கோர் போர்டுக்குத் திரும்பும். ஆகவே பெரிய பேனர் வேண்டாம், ஸ்கோர் போர்டின் உச்சியில் இரண்டடித் துணியில் கடைப்பெயர் என்று மாற்றினோம். செலவு பாதி, பார்வை பத்து மடங்கு. பேரூராட்சி அனுமதிக்கு அலைகிற வேலையும் குறைந்தது.

சட்டை விஷயத்தில் எங்கள் கை ஓங்கியது. ஏழு பேர் ஆட, ஐந்து பேர் மாற்று, ஆகப் பன்னிரண்டு சட்டை. விதிப்படி எண் முன்பக்கம் குறைந்தது நாலு அங்குலம், முதுகில் ஆறு அங்குலம் இருக்க வேண்டும். அண்ணாச்சி நெஞ்சில் பெயர் வேண்டும் என்றார். மண் தரையில் பிடிபட்ட ரெய்டர் பெரும்பாலும் நெஞ்சால்தான் விழுவான். முதல் பாதி முடிவதற்குள் கடைப்பெயர் செம்மண்ணுக்குள் போய்விடும். எண்ணுக்கு மேலே, தோள்பட்டைக்குக் கீழே, முதுகில் போட்டால் விழுந்தவன்மேல் ஆறு பேர் ஏறுகிற வரைக்குமாவது படிக்கலாம். சட்டை போட்டி நாளோடு முடிவதுமில்லை. மஞ்சூருக்கும் கோத்தகிரிக்கும் ஆடப் போகும்போது போடுவான், பிறகு திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்கே போட்டுக்கொண்டு போவான். "திருப்பூர்லேந்து எவன் சார் உளுந்து வாங்க பிக்கட்டிக்கு வரப் போறான்?" என்றாலும், கோடு போடவில்லை.

மைக் அறிவிப்புக்கு "அவ்வப்போது" என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு சொல்லைச் சுற்றி வட்டம் போட்டார். வியாபாரியிடம் அவ்வப்போது என்று ஓர் அளவு கிடையாது, கிலோதான் உண்டு. கணக்குப் போட்டோம். பதினாறு அணி நாக்-அவுட் என்றால் பதினைந்து ஆட்டம். ஆட்டம் தொடங்கும் முன், இடைவேளையில், முடிந்தபின் என்று மும்மூன்று முறை, மொத்தம் 45. வாசகம் பதினைந்து வினாடிக்குள். அறிவிப்பாளர் மாப்பிள்ளை மாதிரி, மைக் கைக்கு வந்தால் சொல்ல வந்ததை மறந்துவிடுவார். ஸ்கோர் எழுதுபவர் தாளிலேயே மூன்று கட்டம் போட்டு, சொல்லச் சொல்ல டிக் அடிப்பது என்று முடிவானது.

அதே கணக்கில் இன்னொரு பூதமும் கிளம்பியது. பெரியவர்களுக்கான ஆட்டம் 20 நிமிடம், 5 நிமிட இடைவேளை, மறுபடி 20. பதினைந்து ஆட்டத்துக்கு 11 மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் சண்டை இல்லாமல். ஜூனியர் பிரிவைப் போல 15-5-15 ஆக்கினால் எட்டே முக்கால் மணி நேரம். காலை ஒன்பதுக்குத் தொடங்கி, டாஸ், போனஸ் கோட்டைத் தொட்டானா இல்லையா என்ற வழக்கு எல்லாம் சேர்ந்தால் இறுதி ஆட்டம் இரவு ஒன்பதுக்குத்தான். மேடை மரியாதை அதற்கும் பிறகு. அந்நேரத்தில் அண்ணாச்சி கல்லாப் பணத்தை எண்ணிக்கொண்டிருப்பார், அழைக்காமலே வந்த பிரமுகர் கோப்பையைக் கொடுத்துக்கொண்டிருப்பார். "இரவு பரிசளிப்பு" அடிபட்டு, "காலை முதல் ஆட்டத்தைத் தொடங்கிவைத்தல், பொன்னாடை" என்று ஆனது. அந்த நேரத்தில் பிரமுகர்கள் எழுந்திருக்க மாட்டார்கள்.

எழுதாமல் விட்ட இரண்டு பயன்களைத்தான் அண்ணாச்சி கடைசியில் கேட்டு வாங்கினார்.

ஒன்று: "இன்னொரு மளிகைக் கடைப் பேரு நோட்டீஸ்ல வரக் கூடாது." எதிர்க்கடைக்காரர் எங்கள் குழுத் தலைவனின் தாய்மாமன். அவரிடம் கேட்டிருந்தால் ஐயாயிரம் கிடைத்திருக்கும். ஆனால் அண்ணாச்சிக்கு அந்தப் பெயர் வராமலிருப்பது ஐயாயிரத்துக்கு மேல் பெறும். எங்களுக்குப் பைசா செலவில்லாமல் விற்கக்கூடிய ஒரே சரக்கு இதுதான். மருந்துக்கடை, உரக்கடை, டெய்லர் கடையில் கேட்கத் தடையில்லை என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டோம். தாய்மாமனைச் சமாதானப்படுத்தும் பொறுப்பு தலைவனின் அம்மாவுக்கு.

இரண்டு: சமையல் சாமான் அவர் கடையில்தான் வாங்க வேண்டும். பதினாறு அணிக்கு 192 பேர், நடுவர்கள் சேர்த்து 200 சாப்பாடு. தலைக்கு 150 கிராம் என்றால் 30 கிலோ அரிசி, அதற்கேற்ற பருப்பு, எண்ணெய். ஆதரவுத் தொகையில் 8,000 ரூபாய்க்குச் சாமானாகவே தருகிறேன் என்றார். அவருக்கு அது கொள்முதல் விலை, எங்களுக்கு விற்பனை விலை. நடுவிலுள்ள லாபத்தில் அவருக்கும் சந்தோஷம், ரொக்கம் கைக்கு வந்து காணாமல் போகாததில் எங்களுக்கும் சந்தோஷம்.

மீதி 7,000 பணத்துக்கு அவருடைய ஆடிட்டர் குறுக்கே வந்தார். பதிவுபெறாத குழுவுக்குக் கொடுத்த நன்கொடைக்கு வரிச்சலுகை கிடையாது. விளம்பரத்துக்காகக் கொடுத்ததாக, என்னென்ன செய்து கொடுத்தோம் என்ற விவரத்துடன் ரசீது இருந்தால் வியாபாரச் செலவில் சேரும். ஒரே நாளில் ஒருவருக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவும் கணக்கில் ஏறாது. "குழுவுக்கு பேங்க் அக்கவுண்ட் இருக்கா?" என்றார். இருந்தது தலைவனின் ஜிபே நம்பர். அது அவன் மச்சான் பெயரில் இருந்தது. 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்து கணக்குத் திறப்பதாக வாக்களித்து, இந்த முறை ரசீதுப் புத்தகத்தோடு தப்பித்தோம்.

மழை வந்தால் என்ன என்பதையும் எழுதச் சொன்னார். மழையால் போட்டி நின்றால் அடுத்த ஞாயிறு நடத்தப்படும். அதுவும் நின்றால் சட்டைச் செலவு போக மீதி திருப்பித் தரப்படும். நம் ஊர்க் கடிதங்களில் காணாத "திருப்பித் தரப்படும்" என்ற வரியைப் பார்த்ததும் அண்ணாச்சி முதல்முறையாகச் சிரித்தார். உடனே கையெழுத்தும் போட்டார்.

கடிதம் எழுதப் போகிறவர்களுக்கு என் பரிந்துரை இது. பொற்கரங்களை விட்டுவிடுங்கள். எண்ணிக் காட்ட முடிகிற நாலு பயனை மட்டும் எழுதுங்கள். போட்டி முடிந்த வாரமே டிக் அடித்த தாளையும், ஸ்கோர் போர்டுப் படத்தையும், ரசீதையும் கொண்டுபோய்க் கொடுங்கள். டிரம்மையும் கழுவித் திருப்பிக் கொடுங்கள். அடுத்த வருடப் பணம் அதில்தான் இருக்கிறது.