பட்டியலில் இல்லாதவர்

பழைய மகாபலிபுரம் சாலையில் எந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் ஏப்ரல் மாதத்துக்குப் பிறகு இவரைப் பார்க்கலாம். பதவி உயர்வுப் பட்டியல் வந்தது, அதில் இவர் பெயர் இல்லை. டீம் லீடு ஆனவர் இவரிடம் வேலை கற்றுக்கொண்ட பையன்.

நம்மவர் கோபப்படவில்லை. கைகுலுக்கினார், வாழ்த்தினார், கேக்கும் சாப்பிட்டார். மறுநாள் முதல் சட்டப்படி நடக்கத் தொடங்கினார்.

இரவு இரண்டு மணிக்கு சர்வர் படுத்தால் யாரும் கூப்பிடாமலே எழுந்து உட்கார்ந்தவர் அவர். இப்போது முறைப்படி ஷிப்ட் யாருக்கோ, போனும் அந்த ஆளுக்கே. நான்கு மணி நேரக் கெடு உள்ள டிக்கெட்டை முன்பெல்லாம் இருபது நிமிடத்தில் முடிப்பார். இன்று மூன்று மணி ஐம்பது நிமிடத்தில் முடிக்கிறார். கெடு தாண்டுவதே இல்லை என்பதுதான் மேலாளரின் துயரம். குற்றம் சொல்லக் கையில் ஒன்றும் சிக்காது. கூட்டங்களில் எதைச் சொன்னாலும் “ஓகே சார்”. அபத்தமான தேதி ஒன்றைச் சொல்லிப் பார்த்தாலும் அதே “ஓகே சார்”தான்.

இதைச் சோம்பல் என்று நினைப்பவருக்குக் கணக்குத் தெரியாது. ஜே. ஸ்டேசி ஆடம்ஸ் என்ற உளவியலாளர் 1963-லேயே இதை எழுதிவிட்டார். மனிதன் தான் போட்டதையும் பெற்றதையும் பக்கத்து நாற்காலிக்காரர் போட்டதோடும் பெற்றதோடும் ஒப்பிடுகிறான். தட்டு சரியாக இல்லாவிட்டால், பெறுவதைக் கூட்ட வழியில்லாதபோது போடுவதைக் குறைக்கிறான். நம்மவர் ஆடம்ஸைப் படித்ததில்லை, தட்டை மட்டும் சமன் செய்துவிட்டார்.

மேலாளர் வைத்தியம் பார்க்கிறார். முதல் வாரம் பீட்சா. அடுத்து ‘மாதத்தின் நட்சத்திரம்’ சான்றிதழ், அதில் பெயரில் எழுத்துப்பிழை. பிறகு ‘ஷேடோ லீடு’ என்றொரு பட்டம். லீடின் வேலை உண்டு, சம்பளம் இல்லை, கையெழுத்தும் இல்லை. கடைசியாக அந்தப் பேரபாயமான வாக்கியம்: “அடுத்த சைக்கிள்ல கண்டிப்பா உங்களுக்குத்தான்.” அந்த நாற்காலி மேலாளர் கையில் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அன்று மாலையே நம்மவர் ரெஸ்யூமேயைத் தூசி தட்டினார்.

நல்லவேளை, இந்த மேலாளருக்குப் புத்தி வந்தது. நம்மவரோடு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

“ஏன் எனக்கு வரலைன்னு உண்மையைச் சொல்லுங்க சார். ஆறுதல் வேண்டாம்.”

“சீட் ஒண்ணு, பேர் மூணு. ஒவ்வொரு பேருக்கும் அஞ்சு நிமிஷம்தான் பேசினாங்க. அந்தத் தம்பி கிளையண்ட்கிட்ட நேரா ரிப்போர்ட் கொடுத்திருந்தார், பாராட்டி மெயில் இருந்தது. நீங்க ராத்திரியில காப்பாத்தினது எதுவும் பேப்பர்ல இல்ல. பிரச்சினை பெரிசாகுறதுக்குள்ள முடிச்சிட்டீங்க, அதனால மேல யாருக்கும் தெரியல. அதை எழுதி எடுத்துட்டுப் போயிருக்க வேண்டியது நான். போகல.”

நம்மவர் கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்தார். பட்டியல் வந்த நாளிலிருந்து அந்த அறையில் பேசப்பட்ட முதல் நிஜம் அது. கிடைக்காததைவிட, ஏன் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்லாததுதான் இத்தனை நாள் அரித்தது.

பிறகு பேரம் நடந்தது. பட்டம் எதுவும் இல்லை, அதிகாரம் உண்டு. எந்த ரிலீஸ் போகலாம், எது நிற்க வேண்டும் என்பதில் இவர் சொல்வதே முடிவு. மாத அறிக்கையை இவரே, இவர் பெயரிலேயே, கிளையண்டிடம் வாசிப்பார். அக்டோபர் மறுஆய்வுக்குள் இரவு போனை எடுக்க இன்னும் இரண்டு பேரைத் தயார் செய்வார், ஏனென்றால் இவர் இல்லாமல் இரவு ஓடாது என்கிற வரை இவரை யாரும் மேலே நகர்த்த மாட்டார்கள். மூன்றையும் மேலாளர் மெயிலில் எழுதினார். “சீட் வருமான்னு தெரியாது. வந்தா இந்தப் பேப்பரோட போவேன்” என்பதையும் சேர்த்தே எழுதினார்.

இது எல்லாரிடமும் பலிக்காது. காய்ச்சலே இல்லாமல் அரைநாள் லீவு அடிக்கடி வந்தால், தொண்ணூறு நாள் நோட்டீஸைக் குறைக்க முடியுமா என்று எச்.ஆரிடம் பொதுவாக விசாரித்தால், ஆள் மனத்தளவில் வேறு கட்டடத்துக்குப் போய்விட்டார். அவரிடம் பீட்சாவும் எடுபடாது, உண்மையும் எடுபடாது. நல்ல சிபாரிசுக் கடிதம் கொடுத்து அனுப்புவதே மரியாதை.

நம்மவர் இன்னும் போகவில்லை. போன வாரக் கூட்டத்தில் மேலாளர் ரிலீஸ் தேதியைச் சொன்னதும், “இந்தத் தேதியை யார் சார் முடிவு பண்ணது? டெஸ்டிங் யார் பண்ணுவா, உங்க வீட்டுக்காரம்மாவா?” என்றார் எல்லார் முன்னாலும். புது லீடு பதறிப்போய் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் முகத்தில் பல வாரங்களாகக் காணாத சிரிப்பு. தேதியை அங்கேயே தள்ளிவைத்துவிட்டு, வீட்டுக்காரம்மா விஷயத்தைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்றார்.