கடித லக்ஷணம் அறிந்தவர்

டைப் மெஷின் காலத்தில் சென்னைத் தம்புச்செட்டித் தெருவின் பழைய கட்டடம் ஏதாவதொன்றில் மாடியேறி, பைல் கட்டுகளின் புழுதி வாசனையைக் கடந்து உள்ளே போயிருந்தீர்களானால், மூக்கின் நுனியில் கண்ணாடியும் கையில் மர அடிக்கோலுமாக ஜன்னலோரத்தில் வீற்றிருக்கும் பெரிய குமாஸ்தாவை அவசியம் தரிசித்திருக்கலாம். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது மானேஜருடைய விசாரம். அது தாளில் எந்த ஸ்தானத்தில் எழுதியிருக்கிறது என்பது ஒன்றே இவருடைய விசாரம்.

டைப்பிஸ்ட் பையன் கொண்டுவந்து நீட்டும் கடிதத்தை இவர் முதலில் படிக்கமாட்டார். கையெட்டும் தூரத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பெண் பார்க்க வந்த மாமியாரைப்போல் மேலிருந்து கீழாக நோக்குவார். கம்பெனியின் பெயரும் விலாசமும் தந்தி விலாசமும் அச்சிட்ட முகப்பு மேலே இரண்டு அங்குலம் கம்பீரமாக நிற்க, அதன்கீழ் இடப்புறம் எண்ணும் வலப்புறம் தேதியும் ஒரே வரியில் அமைந்திருக்கின்றனவா என்று அடிக்கோலை வைத்துப் பார்த்த பிறகே மூச்சு விடுவார். எண்ணில், கடிதத்தைச் சொன்னவரின் முதலெழுத்துகள், அடித்தவரின் முதலெழுத்துகள், பைலின் எண், வருஷம் ஆகிய நான்கும் சாய்கோடுகளுக்கிடையே வரிசையாக வரவேண்டும். பதில் எழுதுகிறவர் அந்த எண்ணைக் குறிப்பிட்டுவிட்டால், பைலைத் தேடி அலமாரியைக் கவிழ்க்க வேண்டியதில்லை. தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதாமல் 4-5-56 என்று அடித்துவிட்டாலோ, “இது மே மாதமா, ஏப்ரல் மாதமா? அமெரிக்காக்காரன் கையில் கிடைத்தால் என்ன ஆகும்?” என்று கேட்பார். கடிதம் போவது விருதுநகருக்கு என்பதை அப்போது அவருக்கு நினைவூட்டுகிறவன் அறிவிலி.

ஒரு சமயம் அவர் நடத்திய ரண சிகிச்சையைக் கண்ணாரக் கண்டவன் நான். பத்தங்குல உயரமுள்ள தாள். டைப் மெஷினில் அங்குலத்துக்கு ஆறு வரி, ஆக அறுபது வரி. முகப்புக்குப் பன்னிரண்டு, எண், தேதி, பெறுநர் விலாசம், விளிப்பு, பொருள், இவற்றின் இடைவெளிகள் எல்லாவற்றுக்குமாகப் பதினைந்து, அடியில் விடவேண்டிய காலியிடம் ஆறு. மிச்சம் இருபத்தேழு வரி. மானேஜர் சொன்ன விஷயமோ இருபத்திரண்டு வரி. பையன் அதை அழகாக முதல் தாளிலேயே முடித்துவிட்டு, வணக்கமும் கையொப்பமும் இணைப்புப் பட்டியலும் கேட்கும் பன்னிரண்டு வரிக்கு இடமில்லாததால், அவற்றை மாத்திரம் இரண்டாம் தாளுக்குத் தள்ளியிருந்தான்.

பெரியவரின் முகம் வெளிறிவிட்டது. “அடே, விஷயமில்லாத தாளில் கையெழுத்தா? இதைக் கழற்றி எந்தக் கடிதத்துக்கு வேண்டுமானாலும் பின்னால் குத்திக்கொள்ளலாமே! கம்பெனியையே எழுதிக் கொடுக்கிறாயா?” என்று சீறிவிட்டு, கடைசிப் பாராவின் ஐந்து வரிகளையும் இரண்டாம் தாளுக்கு மாற்றும்படி பணித்தார். அந்தத் தாளில் முகப்பு அச்சு கூடாது. அதே ரகக் காகிதமாய், தலையில் பெறுநர் பெயரும் பக்க எண்ணும் தேதியும் தாங்கியிருக்கவேண்டும் என்பது உபரிக் கட்டளை. மூன்று கார்பன் பிரதிகளோடு பையன் மறுபடி அடித்து முடிப்பதற்குள் அன்றைய தபால் கட்டு போய்விட்டது. பெரியவர் அதற்காக வருந்தவில்லை.

ஆனால் இணைப்புப் பட்டியல் விஷயத்தில் அவரைப் பரிகசிக்க எனக்கு மனம் வருவதில்லை. “இணைப்பு: 3” என்று மொட்டையாக எழுதுவது அவர் சாஸ்திரப்படி மகாபாதகம். பட்டியல் இரண்டு பிரதி, இன்ஷூரன்ஸ் பத்திரம் ஒன்று, எண்ணுடன் ரயில்வே ரசீது ஒன்று என்று இனம் பிரித்து இடப்புற அடியில் எழுதி, கடிதத்தினுள் எந்த வரியில் எந்தக் காகிதம் பிரஸ்தாபிக்கப்படுகிறதோ அந்த வரிக்கு நேரே ஓரத்தில் ஒரு சாய்கோடும் இழுக்கச் செய்வார். உறை ஒட்டுகிறவன் கடிதத்தைப் படிக்கவேண்டியதில்லை. கோடுகளையும் பட்டியலையும் காகிதங்களையும் ஒத்துப் பார்த்தால் போதும். ரயில்வே ரசீது தவறிப்போனால், சரக்கு ஸ்டேஷனில் கிடந்து நாள் கூலி ஏற, பெறுகிறவர் ஜாமீன் பத்திரம் எழுதிக் கொடுத்து மீட்கவேண்டி வரும். வெறும் “மூன்று” என்றிருந்தால், எது வரவில்லை என்று கேட்கக்கூட அவருக்குத் தெரியாது.

இந்த மனிதர் தம் குமாரத்திக்கு வரன் தேடியபோதும் சம்பிரதாயத்தை விடவில்லை. பிள்ளை வீட்டாருக்கு எண்ணும் தேதியும் பொருளும் இட்டு எழுதி, அடியில் “இணைப்பு: ஜாதகம் 1” என்று சேர்த்தார். ஒரு வாரத்தில் பதில் வந்தது. ஜாதகம் பொருந்தவில்லை. வீட்டம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, அவர் அந்தக் கடிதத்தை என்னிடம் நீட்டி, “பொருத்தம் கிடக்கட்டும் ஐயா, நம் எண்ணையும் தேதியையும் எடுத்துக் காட்டி, ஜாதகத்தைத் திருப்பி இணைத்து, ஓரத்தில் கோடும் போட்டிருக்கிறார் பாருங்கள்! இந்தச் சம்பந்தியை விட்டுவிட்டோமே!” என்றார்.